கருணை மார்க்கும் கூட்டுத் தொகையும்

பரீட்சை முடிவுகள் வெளியாகும் பருவத்தில் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ஒரு கட்சி, "பாவம், இரண்டு மார்க்கில் போய்விட்டது, போட்டுக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?" என்கிறது. இன்னொரு கட்சி, "படிக்காதவனுக்கு மார்க்கைப் பிச்சை போட்டால் படித்தவன் கதி என்ன?" என்று சீறுகிறது. இரண்டையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இரு கட்சிக்காரர்களும் கருணை மார்க்கு கொடுக்கலாமா கூடாதா என்பதைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். கொடுத்த மார்க்கு பிறகு எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. என் வழக்கு அதைப் பற்றியதுதான்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளையைத் தூக்கிவிடுவது நியாயம். ஆனால் தூக்கிவிடக் கொடுத்த மார்க்கை மொத்தத்தில் சேர்ப்பது அநியாயம். தேர்ச்சி வேறு, தொகை வேறு. முன்னதற்குக் கருணை செல்லும், பின்னதற்குச் செல்லாது.

தூக்கிவிடுவது ஏன் நியாயம்? கட்டுரை எழுதும் பரீட்சையில் ஒரே விடைத்தாளைத் தனித்தனியாக இருவர் திருத்தினால் இரண்டு மூன்று மார்க்கு வித்தியாசம் வருவது சகஜம். காலையில் திருத்தும் கையும் நூறாவது தாளைத் திருத்தும் கையும் ஒரே கை அல்ல. ஆகவே 38 வாங்கியவனுக்கும் 40 வாங்கியவனுக்கும் அறிவில் வித்தியாசம் உண்டென்று எந்தப் பரீட்சகரும் சத்தியம் செய்ய முடியாது. அந்த இரண்டு மார்க்கைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டைப் பறிப்பது கொடுமைதான். அந்தக் கொடுமையைத் தவிர்க்க ஏற்பட்டவையே கருணை மார்க்கு விதிகள்.

இந்த விதிகளில் விவரமானவை மும்பைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் வழங்கிய சட்ட விதிகள். 5042-ஏ என்ற எண்ணுள்ள விதி இப்படிச் சொல்லிற்று: நூறு மார்க்குப் பாடம் ஒன்றில் தேர்ச்சிக்குக் குறைவது மூன்று மார்க்கு வரை இருந்தால் கொடுக்கலாம். பல பாடங்களில் கொடுத்தாலும் எல்லாம் சேர்ந்து பரீட்சையின் மொத்த மார்க்கில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. அப்படிக் கொடுத்த பிறகு மாணவன் முழுப் பரீட்சையிலும் தேறிவிட வேண்டும். தேறமாட்டான் என்றால் ஒரு மார்க்கும் கிடையாது.

கதை எழுதுகிறவன் கணக்குப் போடப் புறப்பட்டால் வாசகர்களுக்குச் சற்றுப் பயமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். ஐந்து பாடம், பாடத்துக்கு நூறு, மொத்தம் 500. தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 40 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 500-இல் நூற்றுக்கு ஒன்று என்றால் ஐந்து மார்க்கு. கருணைப் பெட்டியில் உள்ள காசு அவ்வளவுதான்.

முதல் மாணவன் வாங்கியவை 38, 37, 62, 55, 50. கூட்டினால் 242. இரண்டு பாடத்தில் தவறியிருக்கிறான். குறைவது இரண்டும் மூன்றும், ஆக ஐந்து. பெட்டியில் இருந்த ஐந்தும் அவனுக்கே போகிறது. தேறிவிட்டான். மிக்க சந்தோஷம்.

இரண்டாவது ஒரு மாணவி. அவள் வாங்கியவை 40, 41, 58, 54, 51. கூட்டினால் 244. ஐந்து பாடத்திலும் தன் காலிலேயே நின்று தேறினாள். ஒருவர் தயவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு மார்க்கும் கிடைக்கவும் இல்லை.

இப்போது கருணை மார்க்கை மொத்தத்தில் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பாடத்தில் தவறியவனுக்கு 247. எல்லாவற்றிலும் தேறியவளுக்கு 244. மேற்படிப்புக்கு மொத்த மார்க்கை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். இருப்பது ஒரே இடம். யாருக்குக் கிடைக்கும்? உழைத்து வாங்கிய மார்க்கில் இரண்டு குறைந்தவன், இப்போது மூன்று கூடி முன்னே நிற்கிறான். அவன் திருடவில்லை, குறுக்கு வழியில் போகவில்லை. விதி சொன்னபடி நடந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் இடம் போய்விட்டது. அவனுக்குக் காட்டிய கருணையின் செலவை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். தன் கைப்பணத்தில் தர்மம் செய்கிறவனை வணங்கலாம். அடுத்த வீட்டுக்காரியின் சுருக்குப் பையிலிருந்து எடுத்துத் தர்மம் செய்கிறவனை என்ன சொல்வது?

கதை இத்துடன் முடியவில்லை. மூன்றாவது மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் வாங்கியவை 38, 37, 39, 70, 65. கூட்டினால் 249, மூவரிலும் அதிகம். ஆனால் மூன்று பாடத்தில் குறைவு. குறைவுகளைக் கூட்டினால் ஆறு. பெட்டியில் இருப்பதோ ஐந்து. முழுமையாகத் தேறாதவனுக்கு ஒன்றும் இல்லை என்பது விதி. ஆகவே அவனுக்குப் பூஜ்யம், தோல்வி. எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவன் மறு திருத்தத்துக்குப் பணம் கட்டுகிறான். 39 என்பது 40 ஆகிறது. கூடியது ஒரே மார்க்கு. உடனே குறைவு ஐந்தாகிறது, பெட்டி திறக்கிறது, ஐந்து மார்க்கு விழுகிறது. 249 வாங்கியவனுக்கு இப்போது 255! ஒரு மார்க்கு ஆறு மார்க்காகப் பெருகிவிட்டது. வட்டிக் கடைக்காரனும் இப்படி வட்டி வாங்கிக் கண்டதில்லை.

முதல் மாணவனும் மறு திருத்தத்துக்குப் போகிறான். அவனுடைய 38-ம் 40 ஆகிறது. விடைத்தாளில் நியாயமாக அவனுக்கு வரவேண்டிய இரண்டு மார்க்கு அது. ஆனால் அந்தப் பாடத்துக்கு இனிக் கருணை வேண்டாம்; அந்த இரண்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தம் முன்பும் 247, இப்போதும் 247. பணம் கட்டி, காத்திருந்து, வழக்கில் ஜெயித்தவனுக்குத் தொகையில் ஒரு காசும் லாபம் இல்லை. ஒருவனுக்கு ஒன்று ஆறாகிறது. இன்னொருவனுக்கு இரண்டு பூஜ்யமாகிறது. இப்படி மாறும் எண்ணை எந்த அளவுகோல் என்று சொல்வது? மூவரின் மொத்தத்தையும் அவர்கள் வாங்கியபடியே விட்டிருந்தால் இந்த விபரீதம் ஒன்றும் நேராது. மூன்றாமவன் 249-இலிருந்து 250-க்குப் போவான், முதலாமவன் 242-இலிருந்து 244-க்குப் போவான். சம்பாதித்தது எவ்வளவோ அவ்வளவு கூடும்.

மும்பை விதிகளை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். சில மார்க்கில் மேல் வகுப்பைத் தவறவிடுகிறவர்களுக்கு உதவ 5043-ஏ என்று தனி விதி வைத்தார்கள். தேர்ச்சிக்கே கருணை வாங்கியவனுக்கு அந்தச் சலுகை கிடையாது என்றும் அதிலேயே எழுதினார்கள். 5045-ஏ விதிப்படி ஒரே பாடத்தில் உள்ள குறைவை மன்னிக்கும்போது மார்க்குப் பட்டியலில் நட்சத்திரக் குறியும் விதியின் எண்ணும் போட வேண்டும் என்றார்கள். அந்த விதி குறைவை மன்னிப்பதாகச் சொல்கிறதே தவிர, மாணவன் கூடுதலாக வாங்கினான் என்று சொல்லவில்லை. கடனை மன்னித்தவன் கணக்குப் புத்தகத்தில் 'வரவு' என்றா எழுதுகிறான்?

ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் என் நண்பர். பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவர். நான் இதைச் சொன்னதும் அவர் கோபித்துக்கொண்டார்.

"நட்சத்திரம் போட்டு அந்தப் பையனுக்குச் சூடு வைக்கச் சொல்கிறீரா? ஆயுள் முழுதும் அவன் அதைச் சுமக்க வேண்டுமா? பேசாமல் 40 என்று போட்டுவிட்டுப் போவதுதான் மனிதத் தன்மை" என்றார்.

அவருடைய இரக்கத்தை மதிக்கிறேன், யோசனையை ஏற்கமாட்டேன். பேசாமல் போடுகிற கருணை மறைவாக இருப்பதும் இல்லை. 2013-ஆம் ஆண்டு ஓர் இந்திய மாணவர், ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு முடிவுகளைப் பெருமளவில் திரட்டி, எந்த மார்க்கை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று படம் போட்டு வெளியிட்டார். அப்போது தேர்ச்சி மார்க்கு 35. அந்தப் படத்தில் 32, 33, 34 என்ற மூன்று மார்க்கையும் வாங்கியவர் ஒருவரும் இல்லை! ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர்கூட 34 வாங்காமல் இருப்பது இயற்கையாக நடக்கிற காரியமா? கோட்டுக்குக் கீழே பள்ளம் இருந்தால், யாரோ அங்கே நின்றவர்களை அள்ளிக் கோட்டின்மேல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தப் பரீட்சை முடிவையும் இப்படிச் சோதிக்கலாம். அள்ளி வைத்ததைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அள்ளி வைத்த பிறகு 35 என்பது வாங்கிய 35-ஆ வழங்கிய 35-ஆ என்று மார்க்குப் பட்டியலைப் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போயிற்றே, அதைத்தான் சொல்கிறேன். சொந்த முயற்சியால் 35 வாங்கியவன்மேலும் இப்போது சந்தேகம் விழுகிறது. நண்பர் பயந்த சூட்டை எல்லோருக்கும் வைத்தாயிற்று.

சீறும் கட்சிக்கும் ஒரு வார்த்தை. கருணையையே ஒழித்துவிடு என்பது அவர்கள் பரிகாரம். மருத்துவப் படிப்பில் அதையும் செய்து பார்த்தாயிற்று. 1997-ஆம் ஆண்டின் மருத்துவக் கல்வி விதிகள், ஒரே பாடத்தில் மட்டும் தவறியவனுக்கு ஐந்து மார்க்கு வரை பல்கலைக்கழகம் கொடுக்கலாம் என்றன. 2023-ஆம் ஆண்டின் விதிகள், தேர்ச்சிக்குக் கருணை மார்க்கே கிடையாது என்றுவிட்டன. உயிரைக் கையாளும் படிப்பு என்பதால் அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஆனால் பொதுவாகப் பார்த்தால், விதிப் புத்தகத்திலிருந்து கருணையை அடித்துவிடலாம். பரீட்சகரின் விரலிலிருந்து அடிக்க முடியாது. கோட்டுக்கு ஒன்று குறையும் தாளைப் பார்த்தவர் பேனாவைத் திறந்து மறுபடி ஒரு முறை புரட்டத்தான் செய்வார். வாசல் வழியாக வந்த கருணை அப்போது ஜன்னல் வழியாக நுழையும். அதற்கு அளவும் இராது, குறியும் இராது. யாருக்குக் கிடைத்தது என்ற கணக்கும் இராது.

நான் கேட்பது மிகவும் எளிது. மார்க்குப் பட்டியலில் பாடத்துக்கு எதிரே வாங்கியது இவ்வளவு என்று எழுதட்டும். 38 என்றால் 38. பக்கத்தில் முடிவு என்ற கட்டத்தில், 'தேர்ச்சி' என்று எழுதட்டும். கீழே மொத்தம் 242. கூட்டிப் பார்க்கிற குமாஸ்தாவுக்கும் கணக்குச் சரியாக வரும். நட்சத்திரமும் வேண்டாம், சூடும் வேண்டாம். நாற்பதுக்குக் குறைந்தவர்களையும் சில சமயம் தேற்றுவதுண்டு என்ற விதியைப் பட்டியலின் பின்புறம் எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டால் போதும். அந்தப் பையன் தேறினான். அதை யாரும் அவனிடமிருந்து பிடுங்க முடியாது. வரிசையில் நிற்க வரும்போது மட்டும் 242-உடன் வரட்டும். 244 வாங்கிய பெண்ணுக்கு இரண்டு அடி பின்னால் நிற்கட்டும். அதில் அவனுக்கு ஓர் அவமானமும் இல்லை. அவளுக்கு உரியது மட்டும் அவளுக்குக் கிடைக்கும்.