‘செவ்வாய்க்குப் பதிலா ஞாயிறு ஆஃப் வேணும் சார்!’ - வார விடுமுறையை மாற்றக் கேட்பது எப்படி?

பெரிய ஜவுளிக் கடை, சூப்பர் மார்க்கெட், செல்போன் ஷோரூம் என எங்கே வேலை பார்த்தாலும் வார விடுமுறை ஒன்று உண்டு. ஆனால், அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்காது. ஒருவருக்கு செவ்வாய், இன்னொருவருக்கு புதன் என்று சுழற்சி முறையில் எழுதி ஒட்டிவிடுவார்கள். வீட்டு விசேஷங்களும் துக்கங்களும் அந்தப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

இது பழைய பிரச்னை அல்ல. 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, வாரத்தில் ஒரு நாள் கடையையே முழுதாக மூட வேண்டும். கடை மூடினால் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு. யாரும் யாரிடமும் மாற்றிக் கேட்க வேண்டிய தேவை இல்லை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் ஆண்டின் எல்லா நாள்களும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு அனுமதி கொடுத்தது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் சுழற்சி முறையில் விடுமுறை தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதாவது கடையின் விடுமுறை, தனித்தனி ஆளின் விடுமுறையாக மாறிவிட்டது. சட்டம் வாரம் ஒரு நாள் கிடைப்பதை உறுதி செய்கிறதே தவிர, அது எந்த நாள் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஊழியருக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் மேனேஜரின் அனுமதி தேவைப்படுகிறது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஜவுளிக் கடை ஒன்றில் பில்லிங் கவுன்ட்டரில் இருக்கும் செல்விக்கு செவ்வாய்க்கிழமை ஆஃப் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் 3, 10, 17, 24 தேதிகளில் அவருக்கு விடுமுறை. அப்பாவின் தலைத்திவசம் 15-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. திவசம் திதி பார்த்து வருவது. அப்பா இறந்த ஆங்கிலத் தேதியும் இதுவும் ஒன்றாக இருக்காது, நம் வசதிக்கு இரண்டு நாள் தள்ளி வைக்கவும் முடியாது. “போன வருஷம் 26-ம் தேதி தானம்மா லீவு எடுத்த?” என்று மேனேஜர் கேட்டால், இந்த ஒரு வரியில் பதில் முடிந்துவிடும்.

இப்போது முக்கியமான கேள்வி. 15-ம் தேதி ஞாயிறு லீவு வேண்டும் என்றால் பதிலுக்கு எந்த செவ்வாயை விட்டுக்கொடுப்பது? பலர் யோசிக்காமல், “முன்னாடி வர்ற செவ்வாய் வேலை செஞ்சுடறேன் சார், அப்புறம் ஞாயிறு எடுத்துக்கறேன்” என்பார்கள். முதலில் உழைத்துவிட்டு அப்புறம் கேட்பது மரியாதை என்ற எண்ணம். ஆனால், கணக்கு போட்டுப் பாருங்கள். 10-ம் தேதியை விட்டுக்கொடுத்தால் 4-ம் தேதி தொடங்கி 14-ம் தேதி வரை தொடர்ந்து 11 நாள் வேலை. அதற்கு மறுநாள் விடியற்காலையில் எழுந்து திவசச் சமையல். மேலும், சட்டத்தின் கணக்கில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் 8 முதல் 14 வரையிலான வாரத்தில் செல்விக்கு ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. பின்னால் யாராவது ஆய்வுக்கு வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் மாட்டிக்கொள்வது மேனேஜர்.

அதுவே 17-ம் தேதி செவ்வாயை விட்டுக்கொடுத்தால்? 15-ம் தேதியும் 17-ம் தேதியும் ஒரே வாரத்துக்குள் வருகின்றன. 11 முதல் 14 வரை நான்கு நாள் வேலை, 15 லீவு, பிறகு 16 முதல் 23 வரை எட்டு நாள் வேலை, 24 வழக்கமான ஆஃப். எட்டு நாள் என்பதும் கஷ்டம்தான், ஆனால் 11 நாள் அல்ல. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில்கூட, விடுமுறையை மாற்றி வைத்தாலும் 10 நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்றுதான் எழுதி வைத்தார்கள். கடைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் எது அளவு மீறல் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை அந்த கவுன்ட்டரில் யார் உட்காருவது? மேனேஜரின் உண்மையான தலைவலி இதுதான். செல்வி வராதது அவருக்குப் பிரச்னையே இல்லை, ஞாயிறு மாலை பில் போட ஆள் இல்லாததுதான் பிரச்னை. எனவே, கேட்கப் போகும் முன்பே 15-ம் தேதி ஆஃப் உள்ள ஒருவரிடம் பேசி வைப்பது நல்லது. அந்த அக்கா ஞாயிறு வந்துவிட்டு 17-ம் தேதி எடுத்துக்கொண்டால், அவருக்கும் அதே எட்டு நாள் கணக்குதான் வரும். அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பில்லிங் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். சேலை செக்‌ஷனில் இருப்பவர் மனசு வைத்தாலும் மேனேஜருக்கு அது உதவாது.

இவ்வளவும் தயாரானால் கேட்பதற்கு நான்கு வரி போதும்: “சார், அப்பாவோட தலைத்திவசம் 15-ம் தேதி ஞாயிறு வருது. என்னோட 17-ம் தேதி ஆஃபை 15-ம் தேதிக்கு மாத்திக்க அனுமதி வேணும். 17-ம் தேதி நான் டியூட்டிக்கு வந்துடறேன். 15-ம் தேதி பில்லிங்குக்கு கலா அக்கா வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க 17 எடுத்துப்பாங்க.” நேரில் பேசினாலும் இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அதுவும் அந்த வாரத்துக்கான பட்டியல் எழுதும் முன்பே. திதி எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பல மாதம் முன்பே சொல்லிவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவு போய்க் கேட்டுவிட்டு, மேனேஜருக்கு மனசாட்சியே இல்லை என்று திட்டுவதில் நியாயம் கொஞ்சம் குறைவு.

மேனேஜர் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. “தம்பி தானே திவசம் கொடுக்கப் போறான், நீ எதுக்கு?” என்ற கேள்வி பல கடைகளில் சகஜமாக வருகிறது. யாருடைய அப்பாவுக்கு யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஃப்ளோர் மேனேஜரின் வேலை அல்ல. ஆள் இல்லை என்று மறுக்கலாம், காரணம் போதாது என்று மறுக்கக் கூடாது. ஒரு நாளுக்குப் பதில் இன்னொரு நாள் வேலை செய்கிறேன் என்பவர் சலுகை கேட்கவில்லை. கடைக்கு ஒரு நாள் உழைப்புகூட குறையவில்லையே!

“சரிம்மா, போயிட்டு வா” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது. பல கடைகளில் கைரேகை வைக்கும் கருவியோடு இணைந்த மென்பொருளில் செல்விக்கு செவ்வாய் என்றால் செவ்வாய்தான். அதை யாரும் மாற்றாவிட்டால் 15-ம் தேதிக்கு நேராக A என்று விழும், வேலை செய்த 17-ம் தேதிக்கு WO என்றே நிற்கும். மாதக் கடைசியில் ஒரு நாள் சம்பளம் பிடித்திருப்பார்கள். வார விடுமுறைக்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் மென்பொருளுக்கு அது விடுமுறை என்றே தெரியாதே. எனவே, 18-ம் தேதியே வருகைப் பதிவைக் காட்டச் சொல்லி இரண்டு தேதிகளையும் பார்த்துவிட வேண்டும். தவறாக இருந்தால், “ஓகே” என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் பதிலைக் காட்டி அப்போதே திருத்தச் சொல்லலாம். சம்பளம் போட்ட பிறகு என்றால் அடுத்த மாதம் வரை அலைய வேண்டியிருக்கும்.

சில நேரம் மறுப்பு நியாயமாகவே இருக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு என்றால் ஜவுளிக் கடையில் யாருக்கும் ஆஃப் கிடைக்காது, மாற்றிக்கொள்ள ஆளும் இருக்காது. அப்போது முழு நாளுக்காக மல்லுக்கட்டுவதைவிட அரை நாள் கேட்பது பலன் தரும். திவசம் பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும், கூட்டம் கூடுவது மாலையில். “சார், 3 மணிக்கு வந்து கடை மூடற வரைக்கும் இருக்கேன்” என்றால் மறுப்பது கடினம். ஆனால், அதற்குப் பதிலாக 17-ம் தேதி ஆஃபைக் கொடுத்துவிடக் கூடாது. வார விடுமுறை என்பது ஒரு முழு நாள். ஞாயிறு காலையை அரை நாள் லீவாகவோ பெர்மிஷனாகவோ எழுதிவிட்டு, செவ்வாயை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.