துண்டு அட்டைக்குக் கண்ணீர் எதற்கு?

விருந்தினரின் மனசாட்சியைச் சற்றுக் குத்தினால்தான் அவர் நேற்றைய துண்டை இன்றும் பயன்படுத்துவார் என்பது ஹோட்டல்காரர்களிடம் ஊறிப்போன எண்ணம். அதனால்தான் குளியலறை அட்டையில் பூமிப் பந்தும் 'காப்பாற்றுங்கள்' என்ற கெஞ்சலும்.

அது தேவையில்லை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கில், 190 அறைகள் கொண்ட ஒரு ஹோட்டலில் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அட்டைகளை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. சுற்றுச்சூழலைக் காக்கச் சொன்ன வழக்கமான அட்டைக்கு 35.1 சதவீதம் பேர் இணங்கினார்கள். பெரும்பாலான விருந்தினர்கள் துண்டை மீண்டும் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்ன அட்டைக்கு 44.1 சதவீதம். அதில் குற்றஞ்சாட்டும் தொனி துளியும் இல்லை. ஆனால் பின்னர் ஜெர்மனியில் செய்த சோதனையில் இந்த மேன்மை தெரியவில்லை; அங்கே பெரும்பாலானோர் ஏற்கெனவே துண்டை மீண்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே இது எல்லா ஊருக்கும் பலிக்கும் மந்திரம் அல்ல. உங்கள் ஹோட்டலில் பெரும்பாலானோர் அப்படிச் செய்யாவிட்டால் அந்த வரியை அச்சிடவே கூடாது, அது பொய்.

'நீங்கள் இணைந்தால் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை தருவோம் என்று சொன்னால் போதும்' என்பார்கள். அதே மூவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் அந்த நிபந்தனை எடுபடவில்லை. விருந்தினர்கள் சார்பில் நன்கொடையை முன்பே கொடுத்துவிட்டதாகச் சொன்ன அட்டைதான் வென்றது.

சலவைச் செலவு மிச்சமாவதை மறைக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். எதை மறைப்பது? விருந்தினருக்கு அது நன்றாகவே தெரியும். 'பசுமைப் பூச்சு' என்ற குற்றச்சாட்டே 1986இல் சுற்றுச்சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட் இப்படிப்பட்ட துண்டு அட்டையைச் சாடி எழுதியதில்தான் பிறந்தது.

என் கணிப்பில், பழி சுமக்க வேண்டியது பெரும்பாலும் விருந்தினர் அல்ல, குளியலறைதான். ஒரே ஒரு கம்பி, காற்றோட்டமில்லாத அறை, மறுநாளும் ஈரமாகவே இருக்கும் துண்டு: அதைத் தரையில் போடாமல் என்ன செய்வார்? தொங்கவிட்டதையும் ரூம் பாய் பழக்கதோஷத்தில் எடுத்துப்போனால், அடுத்த நாள் யாரும் தொங்கவிட மாட்டார்கள். முதலில் இரண்டு கம்பி அடியுங்கள். பிறகு அட்டையில் இவ்வளவு போதும்:

"மீண்டும் பயன்படுத்த விரும்பும் துண்டைக் கம்பியில் தொங்கவிடுங்கள், தொட மாட்டோம். புதிது வேண்டுமானால் தரையில் போடுங்கள். படுக்கை விரிப்பை மூன்றாம் நாள் மாற்றுவோம். முன்பே வேண்டுமானால் இந்த அட்டையைத் தலையணை மேல் வையுங்கள். இதில் எங்களுக்கும் சலவைச் செலவு குறைகிறது."

பலன் தெரிய, இரண்டு இரவாவது தங்குபவர்களின் அறைகளை மட்டும் எண்ணுங்கள். கதவுக் கொக்கியில் தொங்கும் துண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீண்டும் பயன்படுத்தும் எண்ணமே இல்லாதவரும் அங்கேதான் மாட்டிவிட்டுப் போவார்.