கடைசி தேதி எந்தப் பக்கத்துல இருக்கு?

போன வருஷம் சிம்போசியம் பிரோஷர்ல 'ஸ்டூடன்ட் கோஆர்டினேட்டர்'னு என் நம்பரைப் போட்டிருந்தாங்க. அந்த மூணு வாரமும் நான் ஒரு கால் சென்டர்தான். "அண்ணா, அப்ஸ்ட்ராக்ட் மட்டும் போதுமா, ஃபுல் பேப்பரே அனுப்பணுமா?" "ஒரு டீம்ல எத்தனை பேர்?" "காசு இப்பவே கட்டணுமா?" எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "பிரோஷர்ல இருக்குப்பா, பாரு."

கடைசி தேதிக்கு மறுநாள் ஒரு பாலிடெக்னிக் பையன் கூப்பிட்டான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி சூடாவதைப் பத்தி ஒரு பேப்பர் தயார் பண்ணி வச்சிருக்கானாம். "நேத்தோட முடிஞ்சிருச்சே, ஏன் அனுப்பல?"ன்னு கேட்டேன். "யூஜி, பிஜி மாணவர்கள்னு போட்டிருந்தது. டிப்ளமோ வரக்கூடாது போலன்னு விட்டுட்டோம். இன்னிக்கு எங்க சார்தான் எதுக்கும் கேட்டுப் பாருன்னாரு." எங்களுக்கு டிப்ளமோ பசங்க வந்தா சந்தோஷம்தான். ஆனா அதை நாங்க எங்கேயும் எழுதல. அன்னைக்கு ராத்திரிதான் அந்த பிரோஷரை ஒரு வெளியாள் மாதிரி உட்கார்ந்து படிச்சேன்.

மொத்தம் நாலு பக்கம். முதல் பக்கத்துல கட்டடத்தோட படம், லோகோ வரிசை, சீஃப் பேட்ரன், பேட்ரன், கன்வீனர். ரெண்டாவது பக்கம் கல்லூரியைப் பத்தியும் துறையைப் பத்தியும். மூணாவதுல 27 தலைப்புகள், கீழே 'இவற்றுக்கு மட்டும் கட்டுப்பட்டதல்ல'ன்னு ஒரு வரி. நாலாவது பக்கத்துல பேங்க் அக்கவுன்ட் விவரத்துக்கும் எங்க போன் நம்பருக்கும் நடுவுல சின்ன எழுத்துல தேதிகள். நானும் சேர்ந்து பண்ணின பிரோஷர்தான் இது. இதை வச்சுக்கிட்டுதான் 'பாரு, பாரு'ன்னு சொல்லியிருக்கேன்.

இந்த வருஷம் அதைத் திருத்தி எழுதுற வேலை என்கிட்ட வந்தது. வரிசையை மாத்தி, எழுத்தைப் பெரிசாக்கினா போதும்னு நினைச்சேன். உட்கார்ந்து எழுதினப்போதான் தெரிஞ்சது, பாதி விஷயத்தை நாங்க முடிவே பண்ணல. டிப்ளமோ உண்டா? கமிட்டியில ரெண்டு பேர் உண்டுன்னாங்க, ஒருத்தர் இல்லைன்னார். ஒரே ஆள் ரெண்டு பேப்பர் தரலாமா? யாரும் யோசிச்சதே இல்ல. மழுப்பலா எழுதின வரிக்குப் பின்னாடி பெரும்பாலும் எடுக்காத முடிவு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அதனால டிசைனை ஓரமா வச்சுட்டு முதல்ல கேள்விகளை எழுதி கமிட்டி முன்னாடி வச்சேன். பதில் வாங்க ஒரு வாரம் ஆச்சு. எழுத ஒரு சாயங்காலம்தான்.

தகுதி வரி இப்போ இப்படி இருக்கு: "டிப்ளமோ, பி.இ., பி.டெக்., எம்.இ. படிக்கும் எவரும், எந்தத் துறையானாலும் அனுப்பலாம். ஒரு டீமில் அதிகபட்சம் 3 பேர். மூவரும் ஒரே கல்லூரியாக இருக்க வேண்டியதில்லை. படிப்பை முடித்துவிட்டவர்களும் பிஎச்.டி. மாணவர்களும் அனுப்ப முடியாது." யாருக்கு இடமில்லைன்னு எழுதுறது கொஞ்சம் கடுமையா தெரியுதுன்னு ஒரு மேடம் சொன்னாங்க. இடமில்லைன்னு முன்னாடியே தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு வார வேலை மிச்சம்ங்கிறது என் கட்சி.

தலைப்புகள்தான் ரொம்ப இழுத்துச்சு. 27 பேர் போட்ட பட்டியலைப் பார்த்தா, அந்த ஸ்கூட்டர் பையன் எதுல அனுப்புவான்? 'பவர் எலக்ட்ரானிக்ஸ்'லயா, 'மின்வாகனங்கள்'லயா, 'எரிசக்தி சேமிப்பு'லயா? மூணுமே பட்டியல்ல இருந்தது. மாத்தி அனுப்பினா பேட்டரி பேப்பர் கன்வெர்ட்டர் சாரோட மேஜைக்குப் போகும். அவர் அவருக்குத் தெரிஞ்ச கேள்வியைத்தான் கேட்பார். ஆளைப் பார்த்துத்தான் பிரிக்கணும்னு தோணுச்சு: திருத்துறதுக்கு நாலு ஆசிரியர் இருக்காங்க, அப்போ நாலு பிரிவு. ஒவ்வொண்ணுக்கும் கீழே எது சேரும், எது சேராதுன்னு ஒரு வரி. உதாரணத்துக்கு: "பிரிவு 2, மின்வாகனமும் பேட்டரியும்: சார்ஜ் ஆகும் முறை, சூடு, ஆயுள், மோட்டார் கட்டுப்பாடு. வீட்டு இன்வெர்ட்டர் பற்றியது என்றால் பிரிவு 1." எதுலயும் அடங்கலன்னா 'எந்தப் பிரிவுன்னு கேட்டு ஒரு மெயில் போடுங்க'. 'கட்டுப்பட்டதல்ல' வரியைவிட இது நேர்மையா இருக்கு.

தேதியில நாங்க பண்ணின தப்பு வேற மாதிரி. நாலு தேதி இருந்தது, எது எதுக்குன்னு ரெண்டு ரெண்டு ஆங்கில வார்த்தைதான். 'கேமரா ரெடி'ன்னா என்னன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்தை அப்படியே கேமராவுல படம் பிடிச்சு அச்சடிச்ச காலத்துப் பேரு அது. அர்த்தம் 'திருத்தம் முடிஞ்ச கடைசிப் பிரதி', அவ்வளவுதான். இப்போ ஒவ்வொரு தேதியிலயும் யார் என்ன செய்யணும்னு முழு வாக்கியமா எழுதியாச்சு: "2026 பிப்ரவரி 20, வெள்ளி, இரவு 11:59-க்குள் அப்ஸ்ட்ராக்ட் எங்கள் மெயிலுக்கு வந்திருக்க வேண்டும். 27-க்குள் நாங்கள் பதில் சொல்வோம். தேர்வானால் மட்டும் பணம் கட்டுங்கள்." கிழமை சேர்த்தா தேதி தப்பா அச்சானாலும் யாராவது கண்டுபிடிச்சுடுவாங்க. வருஷம் கட்டாயம் வேணும். போன வருஷ போஸ்டர் வாட்ஸ்அப்ல இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்கு.

வெளிநாட்டு கான்ஃபரன்ஸுக்கு அனுப்புறவங்களுக்கு ஒரு தகவல். தேதிக்குப் பக்கத்துல `AoE`ன்னு இருந்தா, உலகத்துல எங்கேயாவது ஓர் இடத்துல அந்த நாள் இன்னும் முடியலன்னா உங்களுக்கும் நேரம் இருக்குன்னு அர்த்தம். அதாவது `UTC-12`. நம்ம கணக்குல அந்த நாள் இரவு 11:59 என்பது மறுநாள் சாயங்காலம் 5:29. இது தெரியாம ராத்திரி பன்னிரண்டு மணிக்கே லேப்டாப்பை மூடிட்டு அழுத சீனியர் ஒருத்தர் உண்டு.

அனுப்பும் முறையில 'உரிய வடிவத்தில்'ங்கிற வார்த்தையைத் தூக்கிட்டோம். 250 வார்த்தை, ஒரு பிடிஎஃப், ஃபைல் பேரு `T2_TeamName.pdf`. அந்த `T2`தான் பிரிவு எண். போன வருஷம் `abstract_final.pdf`ங்கிற பேர்லயே எத்தனை வந்ததுன்னு எண்ணல, எண்ணியிருந்தா அழுதிருப்பேன். ரெண்டு நாளைக்குள்ள 'கிடைத்தது'ன்னு பதில் வரலன்னா கூப்பிடுங்கன்னும் போட்டிருக்கு. க்யூஆர் கோடு மட்டும் போட்டு விட்டுடல. போஸ்டரை போன்ல பார்க்கிறவன் அதே போனை வச்சு எப்படி ஸ்கேன் பண்ணுவான்? லிங்க்கை எழுத்தாவும் கொடுத்தோம்.

பேட்ரன் பேரெல்லாம் பின்னாடி போனா மரியாதைக் குறைவுன்னு ஒரு பிரச்சனை வந்தது. அது நியாயமான கவலைதான். மத்த கல்லூரி முதல்வர்களுக்குப் போற அழைப்பிதழுக்கு அந்த வரிசை வேணும். அதனால ரெண்டா பிரிச்சோம்: அவங்களுக்குப் பழைய பாணியில அழைப்பிதழ், மாணவர்களுக்கு ஒரே பக்கம்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சிவில்ல படிக்கிற மூணு நண்பர்கள்கிட்ட பழசையும் புதுசையும் காட்டினேன். "நீ அனுப்பலாமா, எதுல, எப்போ, எப்படி?" நாலே கேள்வி. பழசுல ரெண்டு பேர் ரிஜிஸ்ட்ரேஷன் தேதியையே கடைசி தேதின்னு சொன்னாங்க. புதுசுல தேதி எல்லாருக்கும் கிடைச்சது. ஆனா ஒருத்தன், "மூணு பேரும் வேற வேற கல்லூரின்னா போனஃபைடு சர்டிஃபிகேட் யார் காலேஜ்ல வாங்கணும்?"ன்னு கேட்டான். எனக்கும் தெரியல. கமிட்டிகிட்ட மறுபடி போகணும்.