நகை வேறு, சேமிப்பு வேறு

தங்கத்தின் விலை அண்மை ஆண்டுகளில் ஏறிய வேகத்தைப் பார்த்து, மாதச் சம்பளக் குடும்பங்கள் பல ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: வங்கியில் போடுவது வீண், பங்குச் சந்தை சூதாட்டம், நகை வாங்கினால் ஒருநாளும் நஷ்டமில்லை. இந்த முடிவு தவறானது. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கோ ஓய்வுக்காலத்துக்கோ, பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கக்கூடிய பணத்தின் பெரும்பகுதி பங்குச் சந்தையின் குறியீட்டு நிதிகளுக்குத்தான் போக வேண்டும். நகையைச் சேமிப்புக் கணக்கில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.

தங்கத்தைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமில்லை. தங்கம் ஏறுகிறது என்பதும், நம் வீட்டு நகை ஏறுகிறது என்பதும் ஒன்றில்லை என்பதையே சொல்கிறோம். பில்லை எடுத்துப் பாருங்கள். சேதாரம், செய்கூலி இரண்டும் சேர்ந்து 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (வேலைப்பாடு கூடிய நகைக்கு 20 சதவீதத்தையும் தாண்டும்), அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. கடையில் 1 லட்சம் ரூபாய் கொடுத்தால் கைக்கு வருவது சுமார் 86,700 ரூபாய்க்கான தங்கம். போட்ட பணம் திரும்ப வரவே விலை 15 சதவீதம் ஏற வேண்டும்.

வாங்கிய நகையைப் பதினைந்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தால் இந்த இழப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான், பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வைத்திருக்கும் வீடுகள் குறைவு. பழைய மாடல், கொக்கி அறுந்துவிட்டது, பெண் வளர்ந்துவிட்டாள் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறோம். 10 பவுனை, அதாவது 80 கிராமை, கையிலிருந்து காசு சேர்க்காமல் ஒருமுறை மாற்றினால் அதே கணக்கில் 69 கிராம் வரும். இன்னொரு முறை மாற்றினால் 60 கிராம். கடை எடையில் ஒரு கிராம்கூடக் கழிக்காதபோதே இந்த நிலை. பத்துப் பவுன் ஏழரைப் பவுன் ஆகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு முறையும் பணம் போட்டுப் பத்துப் பவுனாகவே ஆக்கிவிடுகிறோம், போட்ட பணத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் மறந்துபோகிறது. தங்கமும் தூங்கும். 2012இல் 10 கிராம் சுத்தத் தங்கத்தின் ஆண்டுச் சராசரி விலை சுமார் 31,000 ரூபாய். 2018இலும் சுமார் 31,400தான். இடையில் 2015இல் 26,000 வரை இறங்கியது. அதே 2012 இறுதியில் 19,427 புள்ளியில் இருந்த சென்செக்ஸ், 2018 இறுதியில் 36,068ஐ எட்டியிருந்தது.

சந்தைக்கு ஆதரவாக இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டி நிறுத்துவது நேர்மையாகாது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளியில் மொத்தமாகப் பணம் போட்டவர், அதே ஆண்டு அக்டோபரில் சென்செக்ஸ் 8,000க்குக் கீழே போனதைப் பார்த்தார். 2010இல் ஒருமுறை பழைய உயரத்தைத் தொட்டு மீண்டும் சரிந்தது. 2013 இறுதியில்தான் அதை நிலையாகத் தாண்டத் தொடங்கியது. அந்த ஐந்தாறு ஆண்டுகளில் தங்கம் இரு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஆகவே ஐந்தாறு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்துக்குத் தங்கமும் பங்கும் நம்பத்தக்கவை அல்ல. அந்த வேலைக்கு வைப்புநிதிதான் சரி.

வைப்புநிதியின் குறை வேறு. 7 சதவீத வட்டியில் போட்டவர் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால், வரி போக நிற்பது ஐந்தரை சதவீதம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், பதினைந்து ஆண்டுகளில் பணம் வளர்ந்தாலும் அது வாங்கித் தரும் பொருள் ஏறக்குறைய அதேதான். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு இப்போது இந்த வரி இல்லை என்பது உண்மை; அவர்களுக்கு வைப்புநிதி முன்பைவிட நல்ல இடம். ஆனாலும் கல்லூரிக் கட்டணத்தின் ஏற்றத்தை அந்த வட்டியால் மட்டும் எட்டிப் பிடிப்பது கடினம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழந்தைக்கு மூன்று வயது. பெற்றோரால் மாதம் 10,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது. பதினைந்து ஆண்டுகளில் போடும் பணம் 18 லட்சம். வரியில்லாத 7 சதவீதத்தில் அது ஏறத்தாழ 31.7 லட்சம் ஆகும். வரி பிடித்தம் போனால் 28 லட்சத்தை ஒட்டி நிற்கும். பங்குக் குறியீட்டு நிதி 10 சதவீதம் தந்தால் 41 லட்சத்துக்கு மேல். ஒரே ஆண்டில் எடுத்து 12.5 சதவீத மூலதன ஆதாய வரி கட்டினாலும் கையில் 38 லட்சத்துக்கு மேல் நிற்கும். 10 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆனால் கடைசி ஆண்டில் சந்தை கால்பங்கு சரிந்தாலும் மிஞ்சுவது 31 லட்சம்; வரி கட்டிய பிறகும் போட்ட பணத்தைவிட 11 லட்சத்துக்கு மேல் கூடுதல்.

2008ஐப் போல 60 சதவீதம் சரிந்தால்? 41 லட்சம் 17 லட்சத்துக்கும் கீழே போகும், போட்ட முதலே குறையும். இதுதான் இந்த வழியின் உண்மையான ஆபத்து. இதற்குப் பரிகாரமும் உண்டு. பன்னிரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு ஆண்டும் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைப்புநிதிக்கு மாற்றிவிட வேண்டும். ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் ஆதாயத்துக்கு வரியில்லை என்பதால், இப்படிப் பிரித்து எடுப்பதில் வரியும் குறையும். சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய மனம் வராது. அப்போதும் செய்ய வேண்டும்.

பங்குச் சந்தை என்று நாம் சொல்வது, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் பங்கின் பெயரை அல்ல. நிஃப்டி 50 போன்ற குறியீட்டில் உள்ள நிறுவனங்களை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் குறியீட்டு நிதியை, இடைத்தரகுக் கமிஷன் இல்லாத நேரடித் திட்டமாக வாங்குவதையே சொல்கிறோம். ஊக வணிகத்தின் நிலை தெரிந்ததுதான்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்று செபியே தன் ஆய்வில் சொல்லியிருக்கிறது.

நகைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: நடு இரவில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், விடிந்ததும் அடகு வைத்துப் பணம் புரட்டலாம். இந்த வாதத்தை மதிக்கிறோம். ஆனால் அந்தத் தேவைக்கு ஆறு மாதச் செலவுப் பணம் வைப்புநிதியில் இருந்தால் போதும். அதை உடைக்கவே வேண்டாம். அதன் மேலேயே பெரும்பாலான வங்கிகள் 90 சதவீதம் வரை கடன் தருகின்றன, அதுவும் வைப்புநிதி வட்டியைவிட ஓரிரு சதவீதமே கூடுதலாக. ஒரு வங்கியில் வட்டியும் முதலும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு. அதற்கு மேல் இருப்பவர்கள் இன்னொரு வங்கியில் பிரித்துப் போடட்டும்.

தங்கத்தின் ஏற்றத்தில் பங்கு வேண்டும் என்பவர்கள் சேதாரமும் செய்கூலியும் இல்லாத தங்க ஈடிஎஃப் வாங்கலாம். இரண்டரை சதவீத வட்டியோடு வந்த அரசின் தங்கப் பத்திரம் இதைவிட நல்ல வழியாக இருந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. நகையிலிருந்து மக்களைச் சேமிப்புக்குத் திருப்ப அரசு உண்மையிலேயே விரும்பினால் அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

ஆறு மாதச் செலவுப் பணம் வங்கியில் சேர்ந்த பிறகு, மாதம் 10,000 ரூபாயில் 7,000 குறியீட்டு நிதிக்கும், 2,000 தொடர் வைப்புக்கும், 1,000 தங்க ஈடிஎஃப்புக்கும் போகட்டும். நகை வாங்க ஆசையிருந்தால் துணிமணி, சுற்றுலாபோலச் செலவுக் கணக்கிலிருந்து வாங்குங்கள். பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்கியதில் கை வைக்காதீர்கள்.