பக்கத்துக் கொல்லையில் மட்டும் தண்ணீர்

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு போகும் வழியில், ஜவ்வாது மலையடிவாரத்தில் எந்த ஊரில் ரிக் வண்டி நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அவனுக்கு முந்நூறு அடியில வந்துடுச்சு. நமக்கு எழுநூறு போயும் புகைதான்." நடுவில் இருப்பது ஒரு வரப்பு மட்டும். ராசி, வாஸ்து, தேங்காய் நின்ற இடம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பாறைக்குள் இருக்கிறது.

நிலத்தடியில் ஆறு ஓடுவதாக நினைப்பவர்கள் நிறைய. இந்த மலையும் அடிவாரமும் சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறைகளால் ஆனவை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறாது. அதில் விழுந்த விரிசல்களில் மட்டுமே ஓடும். ரிக் ஓட்டுபவர்கள் அதைத்தான் 'கேப்' என்கிறார்கள். துளையிலிருந்து புகையாகப் பறந்த கல்மாவு திடீரென்று சேறாகக் கொட்டும். சுத்தியல் சத்தமும் மாறும். "கேப் விழுந்திருக்குண்ணா" என்பார் ரிக் ஆள்.

விரிசலின் அகலத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் தண்ணீரின் அளவு தலைகீழாகிவிடும். அகலம் இரண்டு மடங்கானால், ஓட்டம் எட்டு மடங்காகும். இரண்டு மில்லிமீட்டர் விரிசலைத் தொட்டவர் மோட்டார் போட்டு நெல் நடலாம்; ஒரு மில்லிமீட்டர் விரிசலைத் தொட்டவருக்கு எட்டில் ஒரு பங்குதான். விரிசல் சாய்வாகவோ செங்குத்தாகவோ போனால், ஆறரை அங்குலத் துளை அதன் அருகிலேயே இறங்கியும் தொடாமல் போய்விடும். இருபது அடி தள்ளிப் போட்ட போர் பொய்ப்பது அதனால்தான்.

இது போர் போடும் நாளின் கதை. ஐந்து வருடம் ஓடிய போர் ஏன் திடீரென்று வற்றுகிறது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விரிசல் வெறும் குழாய். தொட்டி வேறு இடத்தில் இருக்கிறது: பாறை மக்கிச் சரளையாகிக் கிடக்கிற மேலடுக்கில். மழைத்தண்ணீர் அதில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விரிசலுக்கு இறங்குகிறது. மண் சரியாமலிருக்க அந்த அடுக்கை கேசிங் பைப் போட்டு மூடிவிடுகிறோம். அதனால் போருக்கு வரும் தண்ணீர் எல்லாம் விரிசல் வழியாகவே வந்தாக வேண்டும்.

அந்தத் தொட்டி மிகச் சிறியது. களிமண் கலந்த மக்கிய பாறையின் கொள்ளளவில் நூற்றுக்கு ஒன்றரை பங்குதான் வடிந்து கிடைக்கும் என்று நிலத்தடி நீர்க் கணக்கீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு ஏக்கருக்குக் கீழே நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 60,000 லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு அது ஆறு மணி நேர வேலை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாலாற்று மணலில் அதே ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய பத்து மடங்கு வடியும்.

இப்போது அந்த வரப்புக்கு மறுபடியும் வருவோம். உங்கள் போர் 250 அடியில் ஒரு விரிசலைத் தொட்டிருக்கிறது. பக்கத்துக்காரர் அதே விரிசலை 400 அடியில் தொடுகிறார், ஏனென்றால் அது அவர் பக்கம் சாய்கிறது. அவர் பெரிய மோட்டார் வைத்து இறைத்தால், விரிசலில் நீர்மட்டம் 250 அடிக்குக் கீழே போகும். உங்கள் பக்கம் காய்ந்துவிடும், அவருக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். மேலடுக்கு வெறுமையானால் சில மாதங்களில் அவருக்கும் அதே கதிதான். சில இடங்களில் பூமிக்குள் சுவர்போல் நிற்கும் டோலரைட் கருங்கல் குறுக்கே வந்து இரண்டு பக்கத்தையும் பிரித்துவிடும். அப்போது அவர் எவ்வளவு இறைத்தாலும் உங்கள் மட்டம் அசையாது.

எது உங்கள் கதை என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு நாள் உங்கள் மோட்டாரை நிறுத்தி வைத்து, போருக்குள் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பக்கத்துக்காரர் இறைக்கும்போது மட்டம் இறங்கி, நிறுத்தியதும் ஏறினால் இருவரும் ஒரே விரிசலில் இருக்கிறீர்கள். மோட்டார் அரைமணி ஓடிக் காற்றை இழுத்து, ஒரு மணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் அரைமணி மட்டும் ஓடினால், உங்கள் தொட்டி சிறியது, அல்லது குழாய் ஒடுங்கியது. வண்டல் அடைத்த விரிசல் என்றால் கம்ப்ரஸரால் ஊதிச் சுத்தம் செய்தால் சிலசமயம் திறக்கும்.

இவற்றைப் பார்க்காமல் ஆயிரம் அடிக்கு இறங்குவது சூதாட்டம். ஆழம் போகப் போக மேலுள்ள பாறையின் எடை விரிசல்களை அழுத்தி ஒடுக்கிவிடும், எண்ணிக்கையும் குறையும். தப்பித்தவறி ஒன்று கிடைத்தாலும், அதற்குத் தண்ணீர் வருவது அதே மேலடுக்கிலிருந்துதான். ஒரே விரிசலில் இருக்கும் இருவருக்கு அதைவிடச் செலவில்லாத வழி, மோட்டாரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி ஓட்டுவது.