நெரிஸ்ஸாவின் மோதிரத்தை ஏன் ஒளிக்கிறீர்கள்?



ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தைத் தமிழாக்கியிருக்கும் என் தம்பி மகள், பிரதியைக் காக்களூர் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாள். நன்றாகத்தான் செய்திருக்கிறாள். ஆனால் கடைசிப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை. கேட்டால், "கொச்சையா இருக்கு பெரியப்பா, அடிக்குறிப்புல போட்டுட்டேன்" என்கிறாள்.

எனக்கும் அவளுக்கும் சண்டையே அங்கேதான். அடிக்குறிப்பைப் படித்து எவன் சிரித்தான்?

கதை நினைவிருக்கும். வழக்கறிஞராகவும் குமாஸ்தாவாகவும் ஆண் வேடமிட்ட போர்ஷியாவும் நெரிஸ்ஸாவும், தாங்கள் கணவர்களுக்குப் போட்ட மோதிரங்களை அவர்களிடமிருந்தே வாங்கிப் போய்விடுவார்கள். குட்டு உடைந்த பிறகு, நாடகத்தின் கடைசிப் பேச்சில் கிராஷியானோ, இனி நெரிஸ்ஸாவின் மோதிரத்தைக் காப்பதுதான் தன் ஒரே கவலை என்கிறான். அன்றைய ஆங்கில மேடையில் 'ரிங்' பெண்ணின் மறைவிடத்துக்கும் பெயர். நம் 'மோதிரம்' விரலோடு நின்றுவிடுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மனைவிக்குப் பயந்த ஒரு நல்ல பிள்ளைதான் மிஞ்சுவான்.

பெயர்ச்சொல் சுமக்காததை வினைச்சொல்மேல் ஏற்று என்றேன். "நெரிஸ்ஸாவின் மோதிரத்தில் இனி வேறெவன் விரலும் நுழையாமல் காப்பதே என் கவலை." மோதிரம் கைமாறிய கதைக்கு இது நேராகவே பொருந்துகிறது. புரியாத பிள்ளைக்கும் வாக்கியம் குறையில்லாமல் நிற்கும், புரிந்தவர் சிரிப்பார். இரண்டில் ஒன்று தவறினாலும் அது சிலேடை இல்லை. மேலர்த்தம் நொண்டினால் ஆபாசம், உள்ளர்த்தம் போனால் சப்பை.

அதே காட்சியில் குமாஸ்தாவின் 'பென்'னை நாசமாக்குவேன் என்றும் அவன் மிரட்டுகிறான். இவள் 'பேனா' என்று போட்டிருந்தாள். 'எழுத்தாணி' என்று மாற்றச் சொன்னேன். உருவத்தை வைத்துச் செய்த சிலேடை சரியான பொருளைத் தேர்ந்தாலே கடல் தாண்டிவிடும். ஒலியை வைத்துச் செய்தது தாண்டாது. ஹாம்லெட் ஒபீலியாவைச் சீண்டும் 'கன்ட்ரி' அப்படித்தான், அதில் வேலை செய்வது முதல் அசை. 'நாட்டுப்புறம்' என்றால் செத்தது. அங்கே மூலச்சொல்லை விட்டுவிட்டு, அதே பேச்சுக்குள் தமிழில் வேறொரு சிலேடை கட்ட வேண்டும். ஹாம்லெட்டையே அமலாதித்யன் ஆக்கினார் பம்மல் சம்பந்த முதலியார், வெனிஸை வாணீபுரம் ஆக்கினார். ஊருக்கும் ஆளுக்கும் எடுத்த உரிமையை ஒரு சிலேடைக்கு எடுக்கக்கூடாதா?

"நம்ம குடும்பத்துப் பொண்ணு எழுதுற எழுத்தா இது" என்று கேட்கப்போகும் மாமாக்களுக்கு: தெருக்கூத்தில் கட்டியக்காரன் பேசியதற்கு நம் பாட்டிமார்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்ததை நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே?

நானும் யோக்கியன் இல்லை. "சார், மோதிரத்துக்கு ஏன் கடைசியில இவ்வளவு பேச்சு?" என்று ஒருவன் வகுப்பில் கேட்டபோது, "மோதிரம்னா மோதிரம்தான், உட்கார்" என்றேன். அவன் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி.