கையெழுத்துக்கு முன்னாடி அந்த மூணு பத்தியைப் படிங்க

ஆஃபர் லெட்டர் வந்ததும் ஸ்டைபெண்ட் எவ்வளவுன்னு பார்க்கிறோம், ஸ்டேட்டஸ் போடுகிறோம், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். நடுவில் இருக்கும் மூன்று பத்திகள்தான் எட்டாவது செமஸ்டரில் நம்மைப் பிடிக்கும்.

ஒரு உதாரணம். ஜனவரி முதல் ஜூன் 30 வரை இன்டர்ன்ஷிப், மாதம் 15,000 ரூபாய். அங்கே செய்யும் வேலையையே ஃபைனல் இயர் ப்ராஜெக்டாகக் காட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பத்தி ரகசியம் காப்பது. 'கம்பெனித் தகவல் எதையும் வெளியாரிடம் சொல்லக் கூடாது' என்று இருக்கும். வெளியார் என்றால் போட்டி கம்பெனி மட்டும் இல்லைங்க. உங்கள் கைடும், வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னலும்கூட வெளியார்தான். அதனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் எதைக் காட்டலாம், கிளையண்ட் பெயர், நிஜ டேட்டா, கோட் இவற்றில் எதை எடுத்துவிட வேண்டும் என்று ஜனவரியிலேயே மெயிலில் கேளுங்கள். வைவாவுக்கு முந்தின வாரம் கேட்டால் மென்டரால் அனுமதி வாங்கித் தர முடியாமல் போகலாம்.

இரண்டாவது, செய்த வேலை யாருக்குச் சொந்தம். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். இன்டர்ன் ஊழியரா இல்லையா என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதமே வராமல் இருக்கத்தான் நம்மிடம் எழுதி வாங்குகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் 'இன்டர்ன்ஷிப் காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' என்று இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் நண்பர்களோடு செய்த ஆப்பையும் கம்பெனி கேட்கலாம். 'கம்பெனி கொடுத்த வேலைக்காக உருவாக்கியவை' என்று மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே செய்த ப்ராஜெக்டுகளை ஒரு பட்டியலாக இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது நோட்டீஸ் பீரியட். '30 நாள் முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அத்தனை நாள் ஸ்டைபெண்டைக் கட்ட வேண்டும்' என்று இருக்கிறது. உங்களுக்கு ஜூன் 10 வேறு இடத்தில் வேலையில் சேர வேண்டும். மே 10க்குள் சொன்னால் பிரச்சினை இல்லை. மே 25 சொன்னால் 15 நாள் குறைகிறது, அதாவது 7,500 ரூபாய். இதே 30 நாள் கம்பெனிக்கும் பொருந்துமா என்று பாருங்கள். நம்மை மட்டும் கட்டிவைத்து, அவர்கள் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றால் கேள்வி கேட்கணும். லட்சக்கணக்கில் அபராதம் எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி கோர்ட் நியாயமான இழப்பீடு மட்டுமே தரச் சொல்லும். ஆனால் ஒரு சர்டிஃபிகேட்டுக்காக யார் கோர்ட்டுக்குப் போவது?

'அதெல்லாம் பார்த்துக்கலாம்ப்பா' என்று எச்.ஆர். போனில் சொல்வதை நம்பி கையெழுத்துப் போடாதீங்க. இந்தக் காகிதத்தில் இருப்பது மட்டுமே ஒப்பந்தம் என்று பல அக்ரிமென்ட்களில் கடைசியில் ஒரு வரி இருக்கும். மாற்றம் அந்தக் காகிதத்திலேயே வரட்டும், அப்புறம் ஸ்டேட்டஸ் போடலாம்.